தப்பான லேபிளையும் கடினமான உதாரணத்தையும் எப்படிப் பிரிப்பது?

வணக்கம். வாடிக்கையாளர் கருத்துகளை புகார், பாராட்டு, கேள்வி என்று பிரிக்கும் மாடலைப் பயிற்றுவிக்கிறேன். லேபிள்களில் பிழை இருப்பதாகச் சந்தேகம். முதல் சில சுற்றுகளில் வேலிடேஷன் லாஸ் நன்றாக இறங்குகிறது; அப்புறம் மாடல் தப்பான லேபிள்களையும் மனப்பாடம் செய்துவிடுவதால், ட்ரெயினிங் லாஸ் மட்டும் இறங்க வேலிடேஷன் லாஸ் ஏறுகிறது.

அதனால் தரவை 5 பங்காக்கி, ஒவ்வொரு பங்கையும் மற்ற 4 பங்குகளில் பயின்ற மாடலிடம் கொடுத்து, தரப்பட்ட லேபிளுக்கு மிகக் குறைந்த நிகழ்தகவு வந்தவற்றை மேலே வரிசைப்படுத்தினேன். "பணம் எப்போது திரும்ப வரும்?" என்பதற்குப் 'பாராட்டு' என்று லேபிள்; தெளிவான பிழை. ஆனால் அதற்கு அடுத்தே, "அருமை, ஒரே நாளில் உடைந்துவிட்டது!" என்பதற்குப் 'புகார்' என்ற சரியான லேபிள். அடியோடு நீக்கினால் இப்படிப்பட்ட அரிய உதாரணங்களும் போய்விடும். அதனால் முதல் 2% மட்டும் கையால் பார்த்துத் திருத்தி, மீதிக்கு லேபிள் ஸ்மூத்திங் 0.1 வைக்கலாமா?

இன்னொரு பெரிய கவலை: லேபிள் குறித்தவர்களில் ஒருவர், பணம் திரும்பக் கேட்கும் கேள்விகளையெல்லாம் தொடர்ந்து 'புகார்' என்றே குறித்திருந்தால், மாடலும் அதையே கற்றுக்கொள்ளும், அந்தப் பிழை இந்த வரிசையில் மேலே வராது. குறித்தவர் வாரியாக மாதிரி எடுத்து, வேறொருவரை மறுபடி குறிக்கச் சொல்வதைத் தவிர வழி உண்டா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.