டிராயிங்கில் ஒவ்வொரு பார்ட்டையும் சுட்டிக்காட்ட வட்டத்துக்குள் போடும் பலூன் நம்பரால் மாட்டிக்கொண்ட அனுபவம் உண்டா?

பீளமேடு டிராஃப்டர்:
பம்ப் பேரிங் ஹவுசிங் அசெம்பிளி. பார்ட்டுகளைப் பிரித்துக் காட்டும் எக்ஸ்ப்ளோடட் வியூ, பலூன், பார்ட்ஸ் லிஸ்ட் எல்லாம் முடித்து டீலர்களுக்கும் போய்விட்டது. அதில் 6 என்பது பேரிங் கவர், 7 ஆயில் சீல். மூன்று மாதம் கழித்து கவருக்கு அடியில் ஒரு கேஸ்கெட் சேர்க்கச் சொன்னார்கள். சேர்த்தேன். SolidWorks சாஃப்ட்வேர் அதை அசெம்பிளி ட்ரீயின் கடைசியில்தான் போடும். நான்தான் அழகாக இருக்கட்டுமே என்று கவருக்கு மேலே இழுத்து விட்டேன். பார்ட்ஸ் லிஸ்ட்டில் Follow assembly order ஆனில் இருந்ததால் கேஸ்கெட் 6, கவர் 7, சீல் 8 என்று லிஸ்ட் தானே மாறிவிட்டது. பலூன்களும் கூடவே மாறின. தப்பே கண்ணில் படவில்லை.

பழைய ஷீட் வைத்திருந்த டீலர் "ஐட்டம் 7, ஆறு பீஸ்" என்று ஆர்டர் போட்டார். ஸ்டோரில் புது ஷீட்டைப் பார்த்து அனுப்பிவிட்டார்கள். அவர் போனில் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "ஏனுங்க தம்பி, ஆயில் சீல் எப்ப இருந்துங்க வார்ப்பிரும்புல பண்றீங்க?"

ஹேட்ச் மணி:
எனக்கு நம்பர் பிரச்சினை வந்ததில்லை, செக்ஷனில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஹவுசிங்கை நீளவாக்கில் வெட்டி வியூ எடுத்தேன், ஷாஃப்ட்டும் சேர்ந்து வெட்டுப்பட்டு முழுக்க ஹேட்சிங் சாய்கோடு. செக்கர் சிவப்புப் பேனாவால் ஷாஃப்ட் மேல் கோடு கோடாக அடித்து, "இது என்ன, பைப்பா?" என்று கேட்டார். அன்றிலிருந்து ஒரே விதி: கடையில் வாங்கும் ஸ்டாண்டர்ட் பார்ட் எதையும் வெட்டக் கூடாது, ஷாஃப்ட்டையும் வெட்டக் கூடாது.

ரிட்டையர்டு டூல்ரூம்:
மணி, பாதிதான் சரி. ஆயில் சீலும் கடையில் வாங்குவதுதான். அதை வெட்டாமல் விட்டால் உதடு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஃபிட்டருக்கு எப்படித் தெரியும்? பேரிங்கிலும் வளையங்களை வெட்ட வேண்டும், குண்டை மட்டும் முழுசாக விட வேண்டும். கெட்டியாக இருந்து, வெட்டினாலும் உள்ளே புதிதாக ஒன்றும் தெரியாத சாமான்தான் விதிவிலக்கு: ஷாஃப்ட், போல்ட், நட், கீ, பின். அதுவும் நீளவாக்கில் வெட்டும்போது மட்டும். ஷாஃப்ட்டைக் குறுக்கே வெட்டினால் ஹேட்சிங் வரத்தான் வேண்டும். ஷாஃப்ட்டில் கீவே காட்ட வேண்டுமென்றால் அந்த இடத்தை மட்டும் பிய்த்த மாதிரி லோக்கல் செக்ஷன் போடுங்கள்.

SolidWorks-ல் செக்ஷன் போடும்போதே Section Scope-ல் ஷாஃப்ட்டையும் கீயையும் தேர்ந்தெடுத்து விலக்கிவிடலாம். Exclude fasteners டிக் பண்ணினால் போதும் என்று பையன்கள் நினைக்கிறார்கள். சாஃப்ட்வேரின் டூல்பாக்ஸ் லைப்ரரியில் இருந்து எடுத்த போல்ட்டுக்குத்தான் அது தானாக வேலை செய்யும், நீங்களே வரைந்த போல்ட் சும்மா விட்டால் வெட்டுப்பட்டுத்தான் வரும். அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பார்ட்டுக்கு ஹேட்ச் கோணத்தை மாற்றுங்கள். கேஸ்கெட் மாதிரி மெல்லியதற்கு ஹேட்ச் வேண்டாம், கறுப்பாக நிரப்புங்கள். யாரும் கேட்கவில்லைதான், சொல்லிவிட்டேன்.

ஷாப்ஃப்ளோர் செல்வி:
நான் வரைகிறவள் இல்லை, அசெம்பிளி லைன். எக்ஸ்ப்ளோடட் வியூவில் சீல் ஒரு வளையம் மாதிரி மிதக்கும், அவ்வளவுதான். ஒரு ஷிஃப்ட் முழுக்கத் திருப்பி மாட்டியிருந்தோம். ஆயிலை உள்ளே நிறுத்தும் உதடு வெளியே பார்த்தபடி. டெஸ்ட் பெஞ்சில் ஷாஃப்ட் வழியாக ஒழுகியபோதுதான் தெரிந்தது. ஷீட்டில் தப்பு எதுவும் இல்லை, எங்களுக்குத் தேவையானதுதான் இல்லை. இப்போது சீல் பக்கத்தில் ஒரு சின்ன செக்ஷன் படம் போட்டுத் தருகிறார்கள்.

ஆட்டோகேட்காரன்:
இதனால்தான் நான் இன்னும் பலூனைக் கையால் போடுகிறேன். நான் மாற்றாமல் நம்பர் மாறாது.

பீளமேடு டிராஃப்டர்:
மாறாது, ஆனால் பார்ட்டை எடுத்துவிட்டாலும் பலூன் அங்கேயே நிற்குமே அண்ணா. SolidWorks-ல் லிஸ்ட்டில் இல்லாத பார்ட்டுக்கு பலூனில் நட்சத்திரக் குறியாவது வருகிறது.

நான் இப்போது முதல் ரிலீஸ் ஆனதும் Do not change item numbers போட்டுவிடுகிறேன். புதுப் பார்ட் கடைசி நம்பர்தான் வாங்கும். படத்தில் 5, 15, 6 என்று பலூன் தாறுமாறாக நிற்கும், பரவாயில்லை.

ஹேட்ச் மணி:
எங்கள் செக்கர் அதைப் பார்த்தால் ஷீட்டைத் தூக்கி எறிவார். கடிகார முள் சுற்றும் வரிசையில் நம்பர் போக வேண்டும் என்பார்.

ரிட்டையர்டு டூல்ரூம்:
டீலர் ஏன் ஐட்டம் நம்பரில் ஆர்டர் போட்டார்? பார்ட் நம்பர் காலம் லிஸ்ட்டில் இல்லையா?

பீளமேடு டிராஃப்டர்:
இருந்தது. பத்து இலக்கம். போனில் யார் அதைச் சொல்வார்கள்?