5 நாளா இன் ட்ரான்சிட்லயே நிக்குது, இந்த வார்த்தைக்கெல்லாம் உண்மையில என்னதான் அர்த்தம்? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க

செவ்வந்தி
வணக்கம். அப்பாவோட காது மிஷின் ரிப்பேருக்குப் போயிருந்துச்சு, சரி பண்ணி திங்கக்கிழமையே அனுப்பிட்டாங்க. இன்னைக்கு வெள்ளி, இன்னும் வரல. மிஷின் இல்லாம அப்பா யார்கிட்டயும் பேசறதே இல்ல, கேட்டா தப்பா பதில் சொல்லிடுவோமோன்னு ஒதுங்கி உக்காந்துக்கறாரு, பாக்கவே கஷ்டமா இருக்கு. ட்ராக்கிங் பக்கத்துல இருக்கறத அப்படியே போடறேன்:

```
Mon 18:40  Picked up
Mon 23:15  Bagged
Tue 02:30  In Transit
Tue 21:05  Arrived at Hub
Wed 09:10  In Transit
Thu 09:10  In Transit
Fri 09:10  In Transit
```

ஹப்புக்கு வந்துடுச்சுன்னு போட்டுட்டு அப்புறம் மறுபடி மறுபடி இன் ட்ரான்சிட்னு போடறாங்களே, அப்போ அது எங்கதான் இருக்கு? இந்த மாதிரி உங்களுக்கு நடந்திருக்கா?

கார்த்திக்_ம
கவலப்படாதீங்க. இன் ட்ரான்சிட்னா வண்டி ஓடிட்டு இருக்குன்னு அர்த்தம், அவ்ளோதான். வண்டில ஜிபிஎஸ் இருக்கும்ல, அதவச்சு தினமும் அப்டேட் பண்றாங்க. தினமும் கரெக்டா அப்டேட் வருதுன்னா ஒழுங்கா கவனிக்கறாங்கன்னுதான் எடுத்துக்கணும். எனக்கு ஒரு தடவை 4 நாள் இப்படியே காமிச்சிட்டு 5வது நாள் வீட்டு வாசல்ல நின்னுச்சு.

ராப்பணி
நான் ஒரு சார்ட்டிங் ஹப்ல 6 வருஷம் நைட் ஷிஃப்ட் பாத்தவன், அதனால கொஞ்சம் விளக்கமா சொல்றேன்.

வண்டில ஜிபிஎஸ் இருக்கலாம் கார்த்திக், ஆனா நம்ம பாக்கற பக்கத்துல வர்ற வரி பெரும்பாலும் அதுலேர்ந்து வர்றதில்ல. யாரோ ஒருத்தர் கைல ஸ்கேனர் கன் வச்சு ஒரு பார்கோட அடிச்சாதான் ஒரு வரி உருவாகும். ரெண்டு ஸ்கேனுக்கு நடுவுல பார்சல் எங்க இருக்குன்னு கம்பெனிக்கே தெரியாது. அந்த இடைவெளிக்கு வச்ச பேருதான் இன் ட்ரான்சிட். வண்டில ஓடிட்டு இருந்தாலும் அதேதான் காட்டும், ஒரு மூலைல சாக்குக்குள்ள கிடந்தாலும் அதேதான் காட்டும்.

இப்ப செவ்வந்தி போட்டத பாருங்க. புதன், வியாழன், வெள்ளி மூணு நாளும் 09:10. கையால அடிக்கற ஸ்கேன் மூணு நாளும் ஒரே நிமிஷத்துல விழாது. அது சிஸ்டமா போடற வரி, புது ஸ்கேன் ஒண்ணும் வரலன்னா பழைய நிலைமையவே தேதி மாத்திப் போடும். எல்லா கம்பெனியும் அப்படி செய்யறதில்ல, ஆனா இதுல அப்படித்தான் தெரியுது. அதனால அந்த மூணு வரியையும் அடிச்சிடுங்க, அது கணக்குலயே வராது.

மிச்சம் இருக்கறதுல முக்கியமானது 23:15, பேக்டுன்னு இருக்கறது. சின்ன பார்சல தனியா வண்டில ஏத்த மாட்டாங்க. ஒரே ஹப்புக்குப் போறத எல்லாம் ஒரு சாக்குல போட்டு, வாயக் கட்டி சீல் வச்சு, சாக்குக்கே ஒரு நம்பர் ஒட்டிடுவாங்க. அதுக்கப்புறம் வண்டில ஏத்தறப்பவும் இறக்கறப்பவும் ஸ்கேன் ஆகறது சாக்கு நம்பர் மட்டும்தான். சாக்குக்கு ஒரு ஸ்கேன் விழுந்தா, உள்ள இருக்கறதா சிஸ்டம் நம்பற அத்தனை பார்சலுக்கும் அதே வரி போயிடும். செவ்வாய் ராத்திரி 21:05க்கு ஹப்புக்கு வந்தது சாக்கு. உங்க மிஷின் அதுக்குள்ள இருந்துச்சான்னு அப்ப யாரும் பாக்கல. உங்க பார்சல கடைசியா ஒரு மனுஷன் தொட்டு ஸ்கேன் பண்ணது திங்கக்கிழமை ராத்திரி 23:15.

செவ்வந்தி
அய்யோ. அப்போ தொலஞ்சு போச்சா அண்ணா?

ராப்பணி
அப்படி சொல்ல முடியாதும்மா. ரெண்டு விஷயம்தான் நடந்திருக்கும். ஒண்ணு, அந்த சாக்கே இன்னும் பிரிக்கப்படாம கிடக்கு, லோடு அதிகமான நாள்ல இது ரொம்ப சாதாரணம். இல்லன்னா சாக்கப் பிரிச்சாச்சு, உள்ள உங்களது இல்ல. பிரிக்கறப்ப ஒவ்வொண்ணா ஸ்கேன் பண்ணுவாங்க, லிஸ்ட்ல இருந்து சாக்குல இல்லாதது ஷார்டேஜ்னு ஒரு தனி லிஸ்ட்ல விழும். அது நம்ம பக்கத்துல காட்டாது, கம்பெனிக்கு உள்ளதான் தெரியும்.

கஸ்டமர் கேருக்குப் போன் பண்ணி பார்சல் எங்கன்னு கேக்காதீங்க, அவங்க முன்னாடியும் நீங்க பாக்கற அதே வரிதான் இருக்கும், அதையே வாசிச்சுட்டு வச்சிடுவாங்க. இப்படி கேளுங்க: "செவ்வாய் 21:05க்கு இறங்கின சாக்கப் பிரிச்சாச்சா? பிரிச்சிருந்தா என் நம்பர் தனியா ஸ்கேன் ஆச்சா, இல்ல ஷார்டேஜ்ல இருக்கா?" அத அந்த ஹப்ல கேட்டுத்தான் சொல்ல முடியும், அதனால ஒரு கம்ப்ளெயிண்ட் நம்பர் போட்டே ஆகணும். அந்த நம்பர வாங்காம போன வைக்காதீங்க.

முத்துப்பாண்டியன்
எனக்கும் இதே கத. ஆர்டர் போட்டதும் ட்ராக்கிங் நம்பர் வந்துடுச்சு, ஷிப்மெண்ட் இன்ஃபர்மேஷன் ரிசீவ்டுன்னு 6 நாளா நிக்குது. கூரியர்காரங்க தூக்கிப் போட்டுட்டாங்கன்னு சண்ட போட்டுட்டு இருக்கேன். நீங்களும் ரிப்பேர் பண்ணவங்ககிட்ட ரீஃபண்ட் கேளுங்க மேடம், விடாதீங்க.

ராப்பணி
முத்துப்பாண்டியன் சார், உங்களது வேற. அந்த வரின்னா விக்கறவரு லேபிள் அடிச்சு விவரத்த மட்டும் ஏத்தியிருக்காரு, பொருள் இன்னும் அவர்கிட்டதான் இருக்கும். கூரியர் கைக்கே வராத பார்சலுக்கு அவங்ககூட சண்ட போட்டு ஒண்ணும் ஆகாது, பிக்அப் ஸ்கேன் ஏன் விழலன்னு விக்கறவரக் கேளுங்க. சில சமயம் பிக்அப் பண்றவரு அவசரத்துல ஸ்கேன் பண்ணாம எடுத்துட்டுப் போறதும் உண்டு, அப்ப முதல் ஹப்லதான் முதல் வரியே விழும். ஆனா அதுக்கு 6 நாள் ஆகாது.

செவ்வந்தி
சனிக்கிழமை அப்டேட். நீங்க சொன்ன மாதிரியே கேட்டேன். முதல்ல ஒருத்தங்க "ஆன் தி வேல இருக்கு மேடம்"னுதான் சொன்னாங்க, சாக்கப் பிரிச்சாச்சான்னு கேட்டதும் கொஞ்ச நேரம் அமைதியா இருந்துட்டு வேற ஒருத்தருக்கு லைன் மாத்திக் குடுத்தாங்க. அவர் கம்ப்ளெயிண்ட் போட்டு சாயங்காலம் திருப்பிக் கூப்பிட்டாரு. புதன்கிழமையே பிரிச்சுட்டாங்களாம், என்னோடது ஷார்டேஜ்ல இருக்காம். இப்ப என்ன பண்றது தெரியல, அப்பாகிட்ட இன்னும் சொல்லல.

செவ்வந்தி
ஞாயிறு காலைல புதுசா ஒரு வரி வந்திருக்கு. `Held at Hub`. பக்கத்துல இருக்கற ஊர் பேரப் பாத்தா எங்களுக்கு சம்பந்தமே இல்லாத ஊரு. பயமா இருக்கு.

யாழினி
ஹெல்ட்னு வந்தா நம்மதான் நேர்ல போய் எடுக்கணும் அக்கா. எனக்கு அட்ரஸ்ல வீட்டு நம்பர் விட்டுப் போயிருந்துச்சு, ஹப்லயே வச்சிட்டாங்க, போய் ஐடி காமிச்சுதான் வாங்கினேன். லேட்டா போனா திருப்பி அனுப்பிடுவாங்க, சீக்கிரம் கெளம்புங்க.

ராப்பணி
யாழினி சொல்றது அவங்க கேஸுக்கு சரி, ஆனா ஹெல்டுங்கறது ஒரு வார்த்தைக்குள்ள பத்து காரணம் அடைச்சு வச்சது. முகவரி பத்தல, லேபிள் கிழிஞ்சிருக்கு, எட வித்தியாசம், பணம் கட்டணும், அந்த ரூட்டுக்கு இன்னைக்கு வண்டி இல்ல, எல்லாத்துக்கும் வெளிய இதே வார்த்ததான் காட்டும். உள்ள ஒரு ரீசன் கோடு போட்டிருப்பாங்க, போன் பண்ணா அத மட்டும் கேட்டா போதும். நம்ம ஏதாவது செய்யணுமா, சும்மா காத்திருந்தா போதுமாங்கறது அந்த கோட வச்சுதான்.

செவ்வந்தி, உங்க விஷயத்துல இது நல்ல சேதி. திங்கக்கிழமைக்கு அப்புறம் முதல் தடவையா உங்க நம்பர ஒரு ஆள் கைல எடுத்து ஸ்கேன் பண்ணியிருக்காரு. ஒரு ஹப்ல ஷார்டேஜ் ஆனது இன்னொரு ஹப்ல லிஸ்ட்ல இல்லாம கூடுதலா வந்து நிக்கும். அப்படி வந்தத ஓரமா ஒரு கூண்டுல போட்டு வைப்பாங்க, யாராவது தேடினாதான் அந்தக் கூண்டக் கிளறுவாங்க. நீங்க கம்ப்ளெயிண்ட் போட்டதாலதான் ஸ்கேன் விழுந்துச்சுன்னு நெனைக்கறேன். அவ்ளோ தூரம் நேர்ல எல்லாம் போகாதீங்க, மிஸ்ரூட்னு போட்டு அடுத்த வண்டில திருப்பி விடுவாங்க.

செவ்வந்தி
செவ்வாய்க்கிழமை. எங்க ஊர் ஹப்புக்கு ராத்திரியே வந்துடுச்சு, காலைல 07:50க்கு அவுட் ஃபார் டெலிவரி. நாள் பூரா வாசல்லயே உக்காந்திருந்தேன், போன் கைலயே இருக்கு, ஒரு கால் வரல. ராத்திரி 20:45க்கு "கஸ்டமர் நாட் அவைலபிள்"னு வருது!! இவ்ளோ தூரம் வந்து இப்படி பொய் எழுதறது மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருக்கு.

இருசக்கரம்
நான் டெலிவரி பண்றவன்தான், நடக்கறத சொல்றேன். காலைல ஹப்ல எங்க ரூட்டுக்குப் பிரிச்ச மொத்தத்தையும் ஒண்ணு விடாம ஸ்கேன் பண்ணி ரன் ஷீட்ல ஏத்துவோம். எனக்கு தினமும் 70, 80 வரும். ஏத்தின உடனே அத்தனைக்கும் அவுட் ஃபார் டெலிவரின்னு போயிடும், அப்ப வண்டி இன்னும் ஹப்ப விட்டே கெளம்பியிருக்காது. 07:50ங்கறது ஷீட்ல பேர் ஏறின நேரம், உங்க தெருவுக்கு வர்ற நேரம் இல்ல. உங்க வீடு வரிசைல 75வதுன்னா ராத்திரிதான்.

ராத்திரி ஹப்புக்குத் திரும்பினதும் ஷீட்ட க்ளோஸ் பண்ணணும். குடுக்காத ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் தட்டினாதான் ஆப் விடும். "எனக்கு நேரம் பத்தல"ங்கறதுக்கு எங்க ஆப்ல பட்டனே கெடையாது. கஸ்டமர் இல்ல, அட்ரஸ் சரியில்ல, வாங்க மறுத்துட்டாங்க, வேற நாள் கேட்டாங்க, இதுல ஒண்ணதான் தட்டணும். தப்புதான், நான் நியாயப்படுத்தல. ஆனா உங்க வாசலுக்கு வந்துட்டு பொய் சொல்லல அக்கா, வாசலுக்கே வரல.

யாழினி
அதெப்படி அண்ணா, வாங்க மறுத்துட்டாங்கன்னு தட்டிட்டா பார்சல் திரும்பிப் போயிடுமே? நாங்கதானே அவதிப்படணும்?

இருசக்கரம்
ஆமா தங்கச்சி, அது ஒண்ண மட்டும் தட்டவே கூடாது, பல இடத்துல அது நேரா ரிட்டர்ன்ல போயிடும். கஸ்டமர் இல்லன்னு தட்டினா மறுநாள் ஷீட்ல திரும்ப வரும், வழக்கமா 3 தடவை வரைக்கும் பாப்பாங்க. அக்கா, நீங்க இன்னைக்கு ராத்திரியே அந்த வரிய மறுத்து ஒரு கம்ப்ளெயிண்ட் போட்டுடுங்க, கால் வரல, நான் வீட்லதான் இருந்தேன்னு. அப்பதான் அது ஒரு அட்டெம்ப்டா எண்ணப்படாம இருக்க வாய்ப்பு இருக்கு.

கார்த்திக்_ம
கம்ப்ளெயிண்ட் போட்டா அந்தப் பையனுக்கு சம்பளத்துல கை வைப்பாங்கன்னு கேள்விப்பட்டேன், அதான் நான் போடறதே இல்ல.

இருசக்கரம்
கம்பெனிக்கு கம்பெனி மாறும் ப்ரோ. எங்கள்ல பிடிக்கறாங்க. அதுக்காக அவங்க அப்பா காது கேக்காம உக்காந்திருக்க முடியாதுல்ல.

செவ்வந்தி
புதன் மதியம் 1:20க்கு வந்துடுச்சு!! கொண்டு வந்தவரு வயசானவரு, நேத்து 84 இருந்துச்சும்மான்னு மன்னிப்பு கேட்டாரு, தண்ணி குடுத்து அனுப்பினேன். அப்பா மிஷின மாட்டின உடனே ஃபேன் சத்தம் ஏன் இப்படி வருதுன்னுதான் முதல்ல கேட்டாரு.

ராப்பணி அண்ணா, ஒரு விஷயம். கவர் மூலைல மார்க்கர்ல பெருசா 38னு எழுதி அடிச்சிருக்கு, பக்கத்துல 33னு எழுதியிருக்கு. இது என்ன?

ராப்பணி
அதான் சார்ட் நம்பர். பெல்ட் நிக்கற நாள்ல கையால எழுதிப் பிரிப்போம், சாக்குகள் நம்பர் வரிசைல தொங்கும். 33ன்னு எழுதினத யாரோ 38னு படிச்சாங்களா, இல்ல முதல்லயே 38னு தப்பா எழுதிட்டு பின்னாடி திருத்தினாங்களா, கவரப் பாத்து சொல்ல முடியாது. ரெண்டு மையும் ஒரே கலரா, வேற வேற கலரா?

செவ்வந்தி
38 நீலம். 33 கருப்பு.

ராப்பணி
அப்போ ரெண்டு ஆள். நீலம் திங்கக்கிழமை ராத்திரி, கருப்பு கூண்டுலேர்ந்து எடுத்தவருன்னு எனக்குத் தோணுது.