பொருள்: ‘கருவி மையப் புள்ளி’ சரிதானா?

வணக்கம். ரோபோ கை பற்றிய பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். கையில் பூட்டிய கருவி வேலை செய்யும் புள்ளியான டூல் சென்டர் பாயிண்டை, அதாவது டிசிபியை, ‘கருவி மையப் புள்ளி’ என்றும், அதன் கேலிபிரேஷனை ‘அளவுத்திருத்தம்’ என்றும் போட்டிருந்தேன். படித்துப் பார்த்த டெக்னீஷியன், “கிரிப்பருக்கு மையம் எது சார்?” என்று கேட்டுவிட்டார். வேறு சொல் உண்டா?
– செ.

மையம் வேண்டாம் சார். வெல்டிங் டார்ச்சில் அது கம்பியின் நுனிதானே? ‘கருவிமுனை’ போதும். லேத்தில் டூல் மாற்றினால் நாங்களும் நுனியைத் தொட்டு ஆஃப்செட் போடுகிறோம், இதுவும் அதேதான்.
– ப.

அதே இல்லை, ப. அண்ணா. லேத்தில் டூல் சாயாது. ரோபோவின் மணிக்கட்டோ எல்லாப் பக்கமும் திரும்பும், கன்ட்ரோலருக்குத் தெரிவது மணிக்கட்டின் முனையில் கருவியைப் பூட்டும் ஃபிளாஞ்ச் எங்கே என்பது மட்டும். அதனால் மேசையில் கூரான ஊசி ஒன்றை நட்டு, நான்கு வெவ்வேறு சாய்வில் நுனியால் அதைத் தொடுகிறோம். நான்கு முறையும் ஃபிளாஞ்ச் வேறு இடத்தில், நுனி ஒரே இடத்தில். அதை வைத்து ஃபிளாஞ்சிலிருந்து நுனிவரை x, y, z எவ்வளவு என்று கன்ட்ரோலர் கணக்கிடும்.

‘முனை’யும் எனக்கு இடிக்கிறது. கிரிப்பரில் அந்தப் புள்ளி இரு விரல்களுக்கு நடுவே வெறும் காற்றில் இருக்கிறது. தொட ஒன்றுமில்லாததால் கூரான பின் ஒன்றைக் கவ்வக் கொடுத்து அளக்கிறோம். அந்தப் பின் 25 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் அதை z-இல் கழிக்க வேண்டும். மறந்தால் கிரிப்பர் பொருளுக்கு 25 மி.மீ. மேலேயே நின்று காற்றைக் கவ்வும். வேலை நடக்கும் இடம் என்பதால் ‘செயற்புள்ளி’ என்கிறேன்.
– ந.

‘செயற்புள்ளி’ பிடித்திருக்கிறது. ஆனால் ‘திருத்தம்’ பொருந்துமா? பிழை எதுவும் இல்லையே, புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கிறோம். ‘செயற்புள்ளி காணல்’?
– செ.

பாதி சரி. கண்டதே பிழையாக இருக்கலாம். போன மாதம் கிரிப்பர் மாற்றியபோது எங்கள் பையன் நான்கு முறையும் அதைக் கிட்டத்தட்ட நேராகவே வைத்து, கடைசி அச்சை மட்டும் சுற்றியிருந்தான். அப்படிச் செய்தால் x, y சரியாக வரும், z-க்குப் பிடிமானமே இருக்காது. திரையில் சராசரிப் பிழை 0.2 மி.மீ. என்று அழகாகக் காட்டியது. அப்புறம் நுனியை ஊசியில் வைத்து, புள்ளி நகராமல் 30 பாகை சாய்க்கச் சொன்னேன். நுனி 1.5 மி.மீ. வழுக்கியது, அப்படியென்றால் z 3 மி.மீ. தவறு. நன்றாகச் சாய்த்து மறுபடி தொட்ட பிறகுதான் நின்றது. இந்தச் சோதனையையும் சேர்த்தால் ‘திருத்தம்’ பொருந்தும்.
– ந.

எங்கள் ஷாப்பில் “டிசிபி எடுத்தாச்சா?” என்றுதான் கேட்பார்கள். ‘செயற்புள்ளி எடுத்தல்’ என்று வைத்தால் வாயில் வரும்.
– ப.

கையேட்டில் கிரிப்பர் பொருளை எடுப்பதற்கு ஏற்கெனவே ‘எடுத்தல்’ போட்டுவிட்டேனே, சார்.
– செ.