இலவச சாஷேயைக் கடைக்காரரே விற்றுவிடுகிறார், என்ன செய்யலாம்?

வணக்கம். கோத்தகிரியில் சிறிய அளவில் தேயிலைத்தூள் பாக்கெட் போடுகிறோம். 250 கிராம் பாக்கெட்டோடு 50 கிராம் சாஷேயை டேப்பால் ஒட்டி, இலவசமாகக் கொடுத்தோம். போன வாரம் ஒரு கடையில் பார்த்தால், சாஷேக்கள் தனியாகக் கம்பியில் தொங்குகின்றன, விலைக்கு! பாக்கெட்டில் டேப் உரித்த தடம் மட்டும்தான் மிச்சம்.

அதனால் 300 கிராமையும் ஒரே பையில் போட நினைத்தோம். ஆனால் பழைய பையில் நிகர எடை 250 என்று அச்சாகியிருக்கிறது. அதை ஸ்டிக்கர் ஒட்டித் திருத்தச் சட்ட அளவியல் விதி இடம் தராது. விலையைக் குறைக்க மட்டும் ஸ்டிக்கர் ஒட்டலாம், அதுவும் பழைய எம்.ஆர்.பி. மறையாமல்.

கையில் இன்னும் 2,000 பை இருக்கிறது. விலைக்குறைப்பு ஸ்டிக்கரோடு இவற்றைத் தீர்த்துவிடலாமா? ஒருமுறை விலை இறங்கினால், திரும்ப ஏற்றும்போது வாடிக்கையாளர் முகம் சுளிப்பாரே என்று தயக்கம். கூடுதல் எடை, விலைக்குறைப்பு இரண்டையும் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.