மீன் வாடை அடிக்கும் ஐஸ் கட்டி: குளிரில் கிருமி செத்துவிடுமா?

தாரணி, வேளச்சேரி:
ஃப்ரீசரில் ரொம்ப நாளாகக் கிடந்த ஐஸ் ட்ரேயில் மீன் வாடை. நேற்று பையன் அதைப் போட்டு எலுமிச்சை ஜூஸ் குடித்துவிட்டான். "குளிரில் எந்தக் கிருமியும் பிழைக்காது" என்கிறார் என் மாமனார். உண்மையா? ரோட்டுக் கடை கரும்பு ஜூஸில் போடும் ஐஸுக்கும் இதேதானா?

காசிமேட்டு ராஜா:
மாமனார் சொல்வது சரிதான் அம்மா. மீன் ஏற்றுமதியில் வேலை பார்த்தவன் நான். பச்சையாகச் சாப்பிடும் மீனை மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் வைத்தால் உள்ளே இருக்கும் புழு செத்துவிடும். புழுவே சாகும்போது கண்ணுக்குத் தெரியாத கிருமி எம்மாத்திரம்?

அடையாறு லேப்:
ராஜா அண்ணா, புழு விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. பாக்டீரியாவுக்கு அது பொருந்தாது. நான் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். ஒரு பாக்டீரியாவைப் பல வருஷம் உயிரோடு பாதுகாக்க வேண்டுமென்றால் கொஞ்சம் கிளிசரால் கலந்து மைனஸ் 80 டிகிரியில்தான் வைப்போம். வீட்டு ஃப்ரீசரில் கிளிசரால் இல்லாததால், தண்ணீர் உறையும்போது பாதி செத்துப்போகலாம், அதற்கு மேலும் சாகலாம். மிச்சம் இருப்பவை பெருகாமல் அப்படியே கிடக்கும். ஐஸ் உருகி வயிற்றுக்குள் போனதும் வேலையைத் தொடங்கும். நோரோ வைரஸ், மஞ்சள் காமாலை தரும் ஹெபடைட்டிஸ் ஏ வைரஸ் இரண்டையும் உறைதல் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை.

தாரணி, அந்த வாடை தனி விஷயம். மூடாத ட்ரே பக்கத்தில் இருக்கும் மீன் வாடையை இழுத்துக்கொள்ளும், அதனால் மட்டும் நோய் வராது. மீன் பாக்கெட் ட்ரேக்கு மேலே இருந்து தண்ணீர் சொட்டியதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். கரண்ட் போய் எல்லாம் இளகி, திரும்ப உறைந்திருந்தால் அப்படி நடந்திருக்க வாய்ப்பு அதிகம்.

மயிலை மாமி:
என் பேரனுக்கும் ஐஸ் தண்ணி குடிச்சாலே சளிதான். மிளகுப் பால் கொடும்மா, சரியாப் போயிடும்.

அடையாறு லேப்:
மாமி, இங்கே பேச்சு சளி பற்றி இல்லை, வயிற்றுப்போக்கு பற்றி.

தாரணி:
கரண்ட் போனது எப்படித் தெரியும்? பகலில் வீட்டில் யாரும் இருப்பதில்லை.

அடையாறு லேப்:
ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து, அதன் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிடுங்கள். நாணயம் அடியிலோ நடுவிலோ போய் உறைந்திருந்தால், இடையில் ஒருமுறை ஐஸ் உருகியிருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு ட்ரேயைக் காலி செய்து, சோப்புப் போட்டுக் கழுவிக் காயவையுங்கள். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை ஊற்றி, மூடி போட்டு, மேல்தட்டில் வையுங்கள். மீன் மூடிய டப்பாவில் கீழே இருக்கட்டும்.

பையனைப் பொறுத்தவரை, நோரோ என்றால் பெரும்பாலும் இரண்டு நாளுக்குள் தெரிந்துவிடும். வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். ரத்தம், காய்ச்சல், சிறுநீர் குறைவது என்று எது இருந்தாலும் டாக்டரிடம் போங்கள்.

காசிமேட்டு ராஜா:
சரி, ட்ரே அசுத்தமாகலாம். ஆனால் ஐஸால் ஊரே படுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அடையாறு லேப்:
நடந்திருக்கிறது அண்ணா. 1987-ல் அமெரிக்காவில் பென்சில்வேனியா, டெலவேர் மாநிலங்களில் நிறையப் பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. தேடிப் போனால், வெள்ளம் புகுந்த கிணற்றுத் தண்ணீரில் செய்த ஐஸ். நோரோ வகை வைரஸ். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரிப் பக்கம் எத்தனை சம்புக்குள் சாக்கடை கலந்தது என்று நினைத்துப் பாருங்கள். அந்தத் தண்ணீரை உறைய வைத்தாலும் அது அதே தண்ணீர்தான்.

சைதை ஜூஸ் கடை:
எல்லாரும் எங்களைக் குறை சொல்லவே வந்திருக்கீங்க. நான் ஓட்டை வைத்த ட்யூப் ஐஸ்தான் வாங்குறேன், மூட்டை கட்டி வருது. மீன் வண்டியில் வர்ற ஐஸ் பார் இல்லை.

அடையாறு லேப்:
அண்ணே, ட்யூப் ஐஸ் வாங்குவது நல்ல முடிவு. மீனுக்குப் போகும் ஐஸ் தனியாகத் தெரியட்டும் என்றுதான் சாப்பிடக்கூடாத ஐஸில் நீல நிறம் கலக்கச் சொல்லி 2018-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. ஆனால் வெள்ளையாக இருப்பதெல்லாம் குடிக்கும் தண்ணீரில் செய்தது என்று சொல்லிவிட முடியாது. உங்கள் கடையில் நான் பார்ப்பது வேறு: காசு வாங்கிய கையாலேயே ஐஸ் அள்ளுகிறீர்களா, கரண்டி ஐஸுக்குள்ளேயே கிடக்கிறதா, சாக்கு வெறும் தரையில் இருக்கிறதா?

சைதை ஜூஸ் கடை:
கரண்டி வெச்சிருக்கேன். மதியம் கூட்டத்துல கைதான் போகும், அதை மறைக்கல. ஆனா மூட்டைக்குள்ள என்ன தண்ணின்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அடையாறு லேப்:
கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு மூட்டையைப் பரிசோதித்தாலும் அந்த மூட்டைக்கு மட்டும்தான் பதில் கிடைக்கும். சப்ளை செய்பவரிடம் உணவு உரிமமும் தண்ணீர்ப் பரிசோதனைத் தாளும் கேளுங்கள்.

சைதை ஜூஸ் கடை:
கேட்டா வேற கடைக்குப் போன்னு சொல்றான். இந்த ஏரியாவுக்கு அவன் ஒருத்தன்தான் வர்றான்.