புதுப்பிப்பு: காய்ச்சல் இறங்கியதும் வந்த சிவப்புப் புள்ளிகள்

முன்பு கேட்டது: "ஒன்றரை வயது மகளுக்குக் காய்ச்சல் இறங்கியதும் மார்பு, முதுகெல்லாம் சிவப்புப் புள்ளிகள். இரவே மன்னார்குடி மருத்துவமனைக்கு ஓடவேண்டுமா, விடியும்வரை பொறுக்கலாமா?"

மகள் நலமாக இருக்கிறாள். கண்ணாடி டம்ளரைப் புள்ளிமேல் அழுத்திப் பார்க்கச் சொன்ன செவிலியர் அக்காவுக்கு நன்றி. அழுத்தியபோது சிவப்பு மறைந்தது. மாநிறத் தோலில் தெளிவாகத் தெரியாது என்பதால் உள்ளங்காலையும் கீழிமையின் உட்புறத்தையும் பார்க்கச் சொன்னார். மறையாத புள்ளி தோலுக்கடியில் இரத்தம் கசிவதன் அடையாளம். காய்ச்சலோடு அது வந்தால் உடனே கிளம்பவேண்டுமாம். மறைகிறதே என்று அசட்டையாகவும் இருக்கக்கூடாதாம், டெங்குத் தடிப்பும் அழுத்தினால் மறையலாம்.

மாமியார் அம்மை என்று வேப்பிலை செருகினார். இளநீரும் ஓய்வும் நல்லதுதான். ஆனால் சின்னம்மைக்குரிய நீர் கோத்த கொப்புளம் ஒன்றுகூட இல்லை. வேர்க்குருப் பவுடர் பரிந்துரைத்த அண்ணன் என் கேள்வியில் காய்ச்சல் என்றிருந்ததைப் படிக்கவில்லை போலும்.

அவள் பால் குடித்தாள், சிறுநீர் கழித்தாள், விளையாடினாள். அதனால் விடியும்வரை பொறுத்தோம். காலையில் மருத்துவர் இரத்த அணுக்களை எண்ணச் சொன்னார், தட்டணுக்கள் குறையவில்லை. டெங்குவில் காய்ச்சல் விட்ட அடுத்த இரண்டு நாள்தான் ஆபத்து என்றார். விடாத வாந்தி, வயிற்றுவலி, குளிர்ந்த கைகால், எழுப்பினாலும் விழிக்காத சோர்வு, ஆறு மணி நேரமாகச் சிறுநீரின்மை: எது வந்தாலும் உடனே வரவேண்டும். பாராசிட்டமால் மட்டும், இபுபுரூஃபன் கூடாது.

என்ன வைரஸ் என்று அவரும் உறுதியாகச் சொல்லவில்லை.