‘காரணங்களை ஆராய்க’ன்னு கேட்டா கதை முழுக்க எழுதுறாங்க, எப்படி மாத்துறது?

தண்டையார்பேட்டை டீச்சர்:
வணக்கம். தண்டையார்பேட்டையில சாயங்காலம் பத்தாம் வகுப்புப் பிள்ளைங்களுக்குச் சமூக அறிவியல் சொல்லித்தர்றேன். பெரும்பாலும் காசிமேட்டுப் பக்கத்துப் பசங்க. பாடம் நல்லாத் தெரியும், வாயால கேட்டா அருவி மாதிரிச் சொல்வாங்க. எழுதினா 5 மார்க் கேள்வியில 2 தான் போட முடியுது.

போன வாரம் வச்ச தேர்வுல ‘1806 வேலூர் புரட்சி வெடித்ததற்கான காரணங்களை ஆராய்க’ன்னு ஒரு கேள்வி. ஒரு பையன் 23 வரி எழுதியிருந்தான். ஜூலை 10 விடியற்காலையில துப்பாக்கிச் சத்தம், கர்னல் பான்கோர்ட் கொல்லப்பட்டது, ஆற்காட்டுல இருந்து கில்லஸ்பி குதிரைப்படையோட வந்தது, திப்புவோட பிள்ளைங்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினது, எல்லாம் சரி. காரணம்னு பார்த்தா தலைப்பாகையைப் பத்தி நாலு வரி மட்டும். ‘கேட்டதை எழுதலையேடா’ன்னேன். ‘எல்லாம் வேலூர் புரட்சிதானே மிஸ்’ங்கிறான். அவனுக்கு என்ன பதில் சொல்றதுன்னு எனக்கே தெரியலை. இதுக்கு ஒரு வகுப்பு எடுக்கணும். எங்க தொடங்குறது?

ராயபுரம் டியூஷன்:
மிஸ், பக்க அமைப்புதான் பிரச்சினை. முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை போடச் சொல்லுங்க. தலைப்பை அடிக்கோடு போட்டா திருத்துறவங்க கண்ணுல உடனே படும். விடைக்குறிப்புல இருக்கிற பாயிண்ட் இருந்தா மார்க் கிடைச்சிடும், கூட எழுதினா யாரும் குறைக்கப் போறதில்ல. அதனால தெரிஞ்சதை எல்லாம் எழுதட்டும்.

பழவேற்காடு சாலை அம்மா:
எங்க பொண்ணுக்கும் இதே கதைதான் டீச்சர். ராத்திரி படிக்கிறது காலையில மறந்துடுது. வல்லாரை கொடுத்துப் பார்த்தேன். ஞாபகசக்திக்கு வேற ஏதாவது இருந்தா சொல்லுங்க.

தண்டையார்பேட்டை டீச்சர்:
அம்மா, நான் கேட்டது மறதியைப் பத்தி இல்ல. இந்தப் பிள்ளைங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு, அதை எங்க வைக்கிறதுன்னுதான் தெரியலை. உங்க பொண்ணு எழுதின ஒரு பதிலைப் படிச்சுப் பாருங்க, அவளுக்கும் இதுவா இருக்கலாம்.

ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர்:
டீச்சர், பல வருடம் விடைத்தாள் திருத்தியிருக்கிறேன். ராயபுரத்தார் சொன்னதில் பாதி சரி. கூடுதலாக எழுதினால் மார்க் குறையாது, ஆனால் நேரம் போகும். 100 மார்க்குக்கு 3 மணி நேரம் என்றால் 5 மார்க் கேள்விக்கு 9 நிமிடம்தான் கிடைக்கும். அந்த 9 நிமிடத்தில் கில்லஸ்பியின் குதிரைப்படையை எழுதிய பையனுக்குக் காரணம் எழுத நேரம் எங்கே? அடிக்கோடு போட்ட தலைப்புக்குக் கீழே கேட்காத செய்தி இருந்தால், அது கேட்காத செய்திதான்.

நான் செய்த வகுப்பைச் சொல்கிறேன். பதில் எழுதவே விடமாட்டேன். கரும்பலகையில் மூன்று கேள்வி: ‘வேலூர் புரட்சியின் நிகழ்வுகளை விவரி’, ‘வேலூர் புரட்சியின் விளைவுகளை விளக்குக’, ‘வேலூர் புரட்சிக்கான காரணங்களை ஆராய்க’. மூன்றிலும் ஏவல் சொல்லை வட்டமிட வேண்டும். ‘நிகழ்வு’, ‘விளைவு’, ‘காரணம்’ என்ற எல்லைச் சொல்லுக்குக் கட்டம் போட வேண்டும். பல பிள்ளைகள் தவறுவது அந்தக் கட்டத்தில்தான். ‘வேலூர் புரட்சி’ என்று கண்ணில் பட்டதும் மீதியைப் படிப்பதில்லை.

அடுத்து உங்கள் பையனின் 23 வரியையே பாடமாக்குங்கள், பெயரை மறைத்துவிட்டு. ஒவ்வொரு வாக்கியத்தையும் படித்து, இது ஜூலை 10க்கு முன்னால் நடந்ததா, அன்று நடந்ததா, பிறகு நடந்ததா என்று வகுப்பையே கேளுங்கள். பென்சிலால் ‘மு’, ‘அ’, ‘பி’ என்று ஓரத்தில் போடட்டும். காரணம் எல்லாமே ‘மு’வில்தான் இருக்க முடியும். பான்கோர்ட் ‘அ’. கல்கத்தா ‘பி’. அவன் கேட்ட ‘எல்லாம் வேலூர் புரட்சிதானே’வுக்குப் பதில் அந்த ஓரத்திலேயே நிற்கும், நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

அதற்குப் பிறகுதான் ‘ஆராய்க’. காரணங்களை வரிசையாக அடுக்கினால் அது பட்டியல். ஒவ்வொன்றும் எப்படிக் கலகம் வரை கொண்டு போனது என்று காட்டினால்தான் ஆராய்ச்சி. ஒவ்வொரு காரணத்துக்கும் ‘அதனால்?’ என்று கேட்கப் பழக்குங்கள். மாதிரிக்கு ஒரு பத்தி:

‘புதிய ராணுவ விதிகள் சிப்பாய்களின் சமய உணர்வைப் புண்படுத்தின. நெற்றியில் சமயக் குறி இடக் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகையை அணிய வேண்டும் என ஆணையிடப்பட்டது. தலைப்பாகையை மறுத்த இருவருக்குத் தலா 900 கசையடி விதிக்கப்பட்டது. அதனால் முறையிட்டுப் பயனில்லை என்ற எண்ணம் சிப்பாய்களிடம் வேரூன்றியது.’

முதல் வாக்கியம் காரணத்தைச் சொல்லிவிடுகிறது. நடுவில் இரண்டு வாக்கியம் சான்று. கடைசி வாக்கியம் கேள்விக்குத் திரும்புகிறது. இப்படி மூன்று பத்தி போதும்: ஒன்று ராணுவ விதிகள், இரண்டு குறைந்த ஊதியமும் பதவி உயர்வு இல்லாமையும், மூன்று கோட்டைக்குள்ளேயே வைக்கப்பட்டிருந்த திப்புவின் குடும்பம். முடிவில் ஒரே வரி: குறைகள் ஏற்கெனவே இருந்தன, தலைப்பாகை அவற்றைப் பற்ற வைத்தது. எது அடிப்படை, எது உடனடி என்று பிரித்துச் சொல்வதுதான் ‘ஆராய்க’வுக்கு உயிர்.

வியாசர்பாடி அண்ணன்:
நான் குரூப் 1 முதன்மைத் தேர்வுக்குப் படிக்கிறேன். எனக்கும் இதே வியாதி. ஐயா சொன்ன ‘அதனால்?’ நல்லா உதவுது. ஆனா ஒரு சந்தேகம். ‘விவரி’க்கும் ‘விளக்குக’வுக்கும் உண்மையிலேயே வித்தியாசம் உண்டா? பள்ளிப் புத்தகத்துல ரெண்டையும் மாத்தி மாத்திப் போடுறாங்களே.

ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர்:
தம்பி, வித்தியாசம் உண்டு. கேள்வி எழுதுபவர்கள் எல்லோரும் அதைக் காப்பதில்லை. விவரி என்றால் எப்படி நடந்தது, விளக்குக என்றால் ஏன், எவ்வாறு என்பது புரிய வேண்டும். ஐயம் வந்தால் எல்லைச் சொல்லை நம்புங்கள். ‘காரணங்களை விவரி’ என்று கேட்டாலும் எழுத வேண்டியது காரணம்தான்.

ராயபுரம் டியூஷன்:
நேரக் கணக்கு சரிதான் சார், ஒத்துக்கிறேன். ஆனா பத்தி பத்தியா எழுதினா பாயிண்ட் கண்ணுக்குத் தெரியாமப் போயிடும். எங்க பிள்ளைங்களை நான் எண் போட்டுத்தான் எழுத வைப்பேன்.

ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர்:
எண் போடட்டும், தடையில்லை. ஒவ்வொரு எண்ணுக்குக் கீழும் அந்த ‘அதனால்’ வாக்கியம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ‘வேறுபடுத்துக’ என்றால் மட்டும் எண்ணும் வேண்டாம், பத்தியும் வேண்டாம். தாளின் நடுவில் கோடு கிழித்து இரண்டு பக்கமும் எதிரெதிரே எழுத வேண்டும்.

தண்டையார்பேட்டை டீச்சர்:
நேத்து செஞ்சு பார்த்தேன் ஐயா. ஓரத்துல மு, அ, பி போட்டதும் அந்தப் பையனே, ‘மிஸ், என்னோடதுல மு நாலுதான் இருக்கு’ன்னான். திரும்ப எழுதினப்போ 14 வரியில மூணு காரணம் வந்துச்சு, 4 மார்க் போட்டேன்.

ஆனா இன்னொரு பொண்ணு, முன்னாடி ரெண்டு பக்கம் எழுதுறவ, இப்போ பயந்து போயி ஆறே வரியில நிறுத்திட்டா. ‘ராணுவ விதிகள் புண்படுத்தின, அதனால் கோபம் வந்தது’ன்னு மட்டும். குஞ்சமும் இல்ல, கசையடியும் இல்ல. இவளை எப்படித் திரும்பச் சான்று எழுத வைக்கிறது? திரும்பவும் எல்லாத்தையும் கொட்டிடுவாளோன்னு பயமா இருக்கு.

ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர்:
அவளுடைய பழைய இரண்டு பக்கத்தை அவள் கையிலேயே கொடுங்கள். அதில் ‘மு’ போட்ட வரிகளை மட்டும் எடுத்து இந்த ஆறு வரிக்குள் செருகச் சொல்லுங்கள். சான்று அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக எதையும் படிக்கச் சொல்லாதீர்கள்.

வியாசர்பாடி அண்ணன்:
டீச்சர், அது எப்படிப் போச்சுன்னு கண்டிப்பா எழுதுங்க. நானும் என் பழைய நோட்டை எடுத்து வச்சிருக்கேன்.